சின்ன பம்ப், வி.எஃப்.டி., 0–10 வோல்ட் சிக்னல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்களுக்கெல்லாம் ஒரே அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை. தரைத் தொட்டியிலிருந்து மாடியில் இருக்கும் கூலிங் டவருக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு எச்.பி. மூன்று ஃபேஸ் மோனோபிளாக் பம்ப். தண்ணீர் சூடானால் வேகத்தைக் கூட்டவும், ஆறினால் குறைக்கவும் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் 0–10 வோல்ட் கொடுக்கிறது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ், சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓடும் சீமென்ஸ் வி20, 0.75 கிலோவாட். வேறு கம்பெனி டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு பாராமீட்டர் எண்கள் மாறும், விஷயம் மாறாது.

வீட்டுல இருக்கற ஒரு எச்.பி. மோட்டாரை இதுல மாட்டலாமா?

கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டார் என்றால் வேண்டாம். இந்த டிரைவுக்கு உள்ளே போவதுதான் சிங்கிள் ஃபேஸ், வெளியே வருவது மூன்று ஃபேஸ். டிரைவ் அனுப்பும் பல்ஸ் அந்தக் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், டிரைவையும் ட்ரிப் ஆக்கும். மோட்டாரையே மூன்று ஃபேஸுக்கு மாற்றுவதுதான் வழி.

மோட்டார் பிளேட்ல 415 வோல்ட்னு போட்டிருக்கு. டிரைவ் 230 தான் கொடுக்குது. ஓடுமா?

டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனைகள் வெளியே வந்து, மூன்றை ஒரு பட்டையால் சேர்த்து ஸ்டாரில் கட்டியிருந்தால் கவலையில்லை. பட்டைகளைக் கழற்றி டெல்டாவாக மாற்றினால் அதே மோட்டார் 240 வோல்ட் மோட்டார் ஆகிவிடும். கரண்ட் 1.73 மடங்கு கூடும். பிளேட்டில் ஸ்டாருக்கு 1.9 ஆம்ப் என்றிருந்தால் டெல்டாவில் 3.3 ஆம்ப். டிரைவில் பதிய வேண்டியதும் 240 வோல்ட், 3.3 ஆம்ப்தான். பிளேட்டைப் பார்த்து 415, 1.9 என்று அப்படியே பதிந்துவிட்டால் டிரைவ் சொற்பக் கரண்டிலேயே ஓவர்லோட் என்று கத்தும்.

சிக்கல் எங்கே என்றால், நம் ஊர் சின்ன மோட்டார்கள் பலவற்றில் ஸ்டார் முடிச்சை உள்ளேயே போட்டுவிட்டு மூன்று வயரை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். அதில் 230 வோல்ட் கொடுத்தால் மோட்டார் சுற்றத்தான் செய்யும். சுற்றுகிறதே என்று நம்பிவிடக் கூடாது. 50 ஹெர்ட்ஸில் அதன் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். 30 ஹெர்ட்ஸ் வரை இழுத்து, அதற்கு மேல் ஆர்.பி.எம். ஏறாமல் கரண்ட் மட்டும் ஏறினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அப்போது ஒன்று வைண்டிங் கடையில் ஆறு முனையையும் வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மூன்று ஃபேஸ் 400 வோல்ட் டிரைவ் வாங்க வேண்டும்.

10 வோல்ட் கொடுத்தாச்சு, மீட்டர்லயும் காட்டுது. மோட்டார் அசையவே இல்ல. டிரைவ் போச்சா?

போகவில்லை. 0–10 வோல்ட் சொல்வது "எவ்வளவு வேகம்" என்பதை மட்டும்தான். "ஓடு" என்பது தனிக் கட்டளை, அது தனி வயரில் வர வேண்டும். வி20-இல் 12-ஆம் டெர்மினலை 14-உடன் இணைத்து, 13-இல் இருக்கும் 24 வோல்ட்டை ஒரு காண்டாக்ட் வழியாக 8-க்குக் கொடுத்தால்தான் மோட்டார் கிளம்பும்.

இந்தக் காண்டாக்ட் வயரை வீணாக்காதீர்கள். தொட்டியில் இருக்கும் ஃப்ளோட் சுவிட்சை இதில் சீரியஸாகப் போடுங்கள். தொட்டி வற்றினால் வோல்ட் எவ்வளவு இருந்தாலும் பம்ப் நின்றுவிடும். வேகச் சிக்னலை நம்பி டிரை ரன்னிங்கைத் தடுக்க முடியாது. தொட்டி வற்றும்போது தண்ணீர் சூடாகும், கன்ட்ரோலர் இன்னும் அதிக வோல்ட்டைத்தான் கொடுக்கும்.

சிக்னல் வயரை எப்படிக் கொண்டுபோறது?

கன்ட்ரோலரின் பிளஸ் 2-ஆம் டெர்மினலுக்கு, மைனஸ் 5-ஆம் டெர்மினலுக்கு. சிலர் பிளஸ்ஸை மட்டும் கொண்டுவந்துவிட்டு, மைனஸ் எர்த் வழியாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் சிக்னல் மிதக்கும், வேகம் இஷ்டத்துக்கு அலையும்.

வயர், ஷீல்டு போட்ட முறுக்கு ஜோடியாக இருக்கட்டும். ஷீல்டை டிரைவ் பக்கம் மட்டும் எர்த் செய்து, கன்ட்ரோலர் பக்கம் வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே பைப்பில் போடக் கூடாது. ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும், குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நேர் செங்கோணத்தில் வெட்டட்டும். கன்ட்ரோலர் வெகு தூரத்தில் இருக்கிறது என்றால் 0–10 வோல்ட்டை விட்டுவிட்டு 4–20 மில்லிஆம்பில் கொண்டுவருவது நல்லது. வயர் நீளத்தால் கரண்ட் சிக்னல் குறையாது.

கன்ட்ரோலர் வருவதற்கு முன்பு கையால் சோதிக்க வேண்டுமா? 4.7 கிலோ ஓமோ அதற்கு மேலோ உள்ள ஒரு பொட்டன்ஷியோமீட்டரின் இரு ஓரக் கால்களை 1-க்கும் 5-க்கும், நடுக் காலை 2-க்கும் கொடுங்கள். 1-ஆம் டெர்மினலில் டிரைவே 10 வோல்ட் தருகிறது.

டிரைவைத் திறந்து வயர் மாட்டுவதற்கு முன் மெயினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். டிஸ்ப்ளே அணைந்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும்.

5 வோல்ட் கொடுத்தா 25 ஹெர்ட்ஸ் சரியா காட்டுது. ஆனா டவர்ல ஒரு சொட்டு தண்ணி வரல. பம்ப் பழுதா?

பம்ப், டிரைவ், சிக்னல் மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. 0–10 வோல்ட்டை 0–50 ஹெர்ட்ஸ் என்று அப்படியே வைத்ததுதான் கோளாறு. ஃபேனுக்கு அது பொருந்தும். உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்குப் பொருந்தாது.

சென்ட்ரிஃபியூகல் பம்பில் வேகம் பாதியானால் அது தூக்கும் உயரம் பாதி ஆகாது, கால் பங்கு ஆகும். உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. நம் பட்டறைக் கணக்கைப் பாருங்கள். பம்பின் டெலிவரி வால்வை ஒரு சில நொடிகள் முழுக்க மூடி, 50 ஹெர்ட்ஸில் பிரஷர் கேஜைப் பார்த்தால் 2.4 கிலோ. பம்பும் தொட்டித் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால், ஒரு கிலோவுக்கு 10 மீட்டர் என்ற கணக்கில் இந்த பம்ப் அதிகபட்சமாக 24 மீட்டர் தூக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். தொட்டித் தண்ணீர் மட்டத்திலிருந்து டவரின் தெளிப்பான் வரை டேப் வைத்து அளந்தால் 10 மீட்டர்.

25 ஹெர்ட்ஸில் பம்பின் பலம் 24-இல் கால் பங்கு, அதாவது 6 மீட்டர். ஏற வேண்டியது 10. ஆறு மீட்டரில் நின்றுகொண்டு பைப்பில் இருக்கும் தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பதோடு சரி. இம்பெல்லர் அதே தண்ணீரைக் கடைந்துகொண்டே இருக்கும். கேசிங்கைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாகி, பிறகு கை வைக்க முடியாமல் சுடும். நீண்ட நேரம் விட்டால் மெக்கானிக்கல் சீல் போய்விடும்.

தண்ணீர் மேலே எட்டிப்பார்க்கத் தொடங்கும் வேகம் இது:

```
f = 50 × √(10 ÷ 24) = 32.3 Hz
```

இதற்குக் கீழே எந்த வேகமும் இந்தக் குழாயில் வேலைக்கு ஆகாது. 32.3-இல் தண்ணீர் விளிம்பில் நிற்கும், ஓடாது. ஆகவே கீழ் எல்லையை 35 ஹெர்ட்ஸ் என்று வைக்கிறோம். அங்கே பம்பின் பலம் 11.8 மீட்டர்; மிச்சமிருக்கும் 1.8 மீட்டர் பைப் உராய்வைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும். கணக்கை முடித்ததும் ஒருவரை மாடியில் நிறுத்தி, வேகத்தை மெதுவாக ஏற்றி, தெளிப்பானில் தண்ணீர் ஒழுங்காக விழத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பைப்பில் எல்போ அதிகம் இருந்தால் அந்த எண் சற்று மேலே வரும். கணக்கைவிட மாடியில் நிற்பவர் சொல்வதே கடைசி வார்த்தை.

தண்ணீர் மூடிய வட்டத்தில் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சர்க்குலேஷன் பம்பானால் ஏற்ற வேண்டிய உயரம் என்று எதுவும் இல்லை. அங்கே 20 ஹெர்ட்ஸிலும் தண்ணீர் ஓடும்.

அப்போ குறைந்தபட்ச ஹெர்ட்ஸ் 35-ன்னு ஒரு பாராமீட்டர் போட்டா முடிஞ்சுதே?

பம்ப் காப்பாற்றப்படும், கன்ட்ரோல் கெட்டுப்போகும். P1080-ஐ மட்டும் 35 ஆக்கினால் 0 முதல் 7 வோல்ட் வரை டிரைவ் அசையாமல் 35-லேயே இருக்கும். ஏனென்றால் பழைய அளவுகோலில் 7 வோல்ட்தான் 35 ஹெர்ட்ஸ். கடைசி மூன்று வோல்ட்டுக்குள் முழு ஓட்டமும் அடங்கிவிடும். கன்ட்ரோலர் 3 வோல்ட்டிலிருந்து 6 வோல்ட்டுக்கு ஏற்றிப் பார்க்கும், ஒன்றும் நடக்காது. இன்னும் ஏற்றும், 7-ஐத் தாண்டியதும் வேகம் சட்டென்று எகிறும், தண்ணீர் அதிகமாக ஆறும், மறுபடி கீழே இறக்கும். பம்ப் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுவதைப் பார்த்துவிட்டு கன்ட்ரோலரின் பி.ஐ.டி.யை நோண்டத் தொடங்குவார்கள். கோளாறு அங்கே இல்லை.

அளவுகோலையே மாற்றுங்கள். 0 வோல்ட் என்றால் 35 ஹெர்ட்ஸ், 10 வோல்ட் என்றால் 50 ஹெர்ட்ஸ். இடையில் இருக்கும் 15 ஹெர்ட்ஸை 10 வோல்ட்டில் பரப்பினால் வோல்ட்டுக்கு 1.5 ஹெர்ட்ஸ். 5 வோல்ட்டில் 42.5. இப்போது சிக்னலின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. P1080-ஐயும் 35 என்றே வையுங்கள், அது காவலுக்கு.

பாராமீட்டரை வரிசையா சொல்லுங்க.

முதலில் P0003-ஐ 3 ஆக்குங்கள், அப்போதுதான் எல்லாம் கண்ணில் படும். மோட்டார் விவரங்களைப் பதிந்த பிறகு:

```
P0700    = 2
P0701[0] = 1
P1000    = 2
P0756[0] = 0
P0757[0] = 0
P0758[0] = 70
P0759[0] = 10
P0760[0] = 100
P1080    = 35
P1082    = 50
P2000    = 50
P1120    = 8
P1121    = 12
P1300    = 2
```

முதல் மூன்று வரிகள், ஓடு என்பதும் வேகமும் டெர்மினலிலிருந்து வரும் என்கின்றன. P0756, உள்ளே வருவது 0–10 வோல்ட் என்கிறது. அடுத்த நான்கும்தான் நாம் பேசிய அளவுகோல். 0 வோல்ட்டுக்கு 70 சதவீதம், 10 வோல்ட்டுக்கு 100 சதவீதம். சதவீதம் எதற்கு என்றால் P2000-இல் இருக்கும் 50 ஹெர்ட்ஸுக்கு. 50-இல் 70 சதவீதம் 35.

P1120, P1121 வேகம் ஏறும் இறங்கும் நொடிகள். இறங்குவதற்கு அதிக நேரம் கொடுத்திருப்பது நான்-ரிட்டர்ன் வால்வுக்காக. சட்டென்று நிறுத்தினால் 10 மீட்டர் தண்ணீரும் திரும்பி வந்து வால்வைப் படாரென்று அறையும், பைப் அதிர்வது கீழே வரை கேட்கும். P1300-இல் 2 என்பது பம்புக்கும் ஃபேனுக்கும் உரிய வர்க்க வி/எஃப் வளைவு.

சோதிக்கும்போது மூன்று இடத்தில் பாருங்கள். மீட்டரில் 2-க்கும் 5-க்கும் இடையே எவ்வளவு டி.சி. வோல்ட், டிரைவுக்கு வந்து சேரும் வோல்ட்டாக r0752 எவ்வளவு காட்டுகிறது, r0021-இல் எத்தனை ஹெர்ட்ஸ். மீட்டரும் r0752-உம் ஒத்துப்போகாவிட்டால் வயரிங்கைப் பாருங்கள். அவை ஒத்துப்போய் ஹெர்ட்ஸ் மட்டும் தவறினால் அளவுகோலைப் பாருங்கள்.

வயர் கழட்டி வெச்சா 10 வோல்ட் வருது, டிரைவ்ல மாட்டினா ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு விழுந்துடுது.

P0756 கரண்ட் முறையில், அதாவது 2 அல்லது 3-இல் இருக்கிறது. அப்போது அந்த இன்புட் சில நூறு ஓம் ரெசிஸ்டர் போலத்தான் நடந்துகொள்ளும். கன்ட்ரோலரின் அவுட்புட்டுக்கு அவ்வளவு கரண்ட் கொடுக்கும் திராணி இல்லை, வோல்ட் படுத்துவிடும். 0 ஆக்கிவிட்டு மறுபடி பாருங்கள். சில கம்பெனி டிரைவ்களில் இதற்குப் போர்டிலேயே ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச் இருக்கும். பாராமீட்டரை மாற்றிவிட்டு அதை மறப்பது வழக்கம்.

சிக்னல் வயர் அறுந்துட்டா என்ன ஆகும்?

நாம் போட்ட அளவுகோலில் 35 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும். 0–10 வோல்ட்டின் பிறவிக் குறை இது. கன்ட்ரோலர் வேண்டுமென்றே கொடுக்கும் 0-வுக்கும், எலி கடித்த வயரின் 0-வுக்கும் டிரைவுக்கு வித்தியாசம் தெரியாது.

கூலிங் டவருக்கு இது பெரிய ஆபத்தில்லை என்றாலும், மோல்டு சூடாகிக்கொண்டே போவதை யாரும் கவனிக்காமல் விடலாம். கன்ட்ரோலரில் 2–10 வோல்ட் என்று மாற்றும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். டிரைவில் P0756-ஐ 1 ஆக்கி, P0757-ஐ 2, P0761-ஐயும் 2 என்று வையுங்கள். P0761-இல் பாதிக்குக் கீழே, அதாவது 1 வோல்ட்டுக்குக் கீழே சிக்னல் போனால் டிரைவ் F80 காட்டி நின்றுவிடும். அளவுகோல் இப்போது 2 வோல்ட்டுக்கு 35, 10 வோல்ட்டுக்கு 50. வேலை முடிந்ததும் ஓடும்போதே 2-ஆம் டெர்மினல் வயரை ஒருமுறை கழற்றி, F80 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வேகம் ஒரு இடத்துல நிக்காம 41, 43, 42-ன்னு ஆடிக்கிட்டே இருக்கு.

கன்ட்ரோலர் வயரைக் கழற்றிவிட்டு, மேலே சொன்ன பொட்டன்ஷியோமீட்டரை டிரைவ் பக்கத்திலேயே மாட்டுங்கள். ஆட்டம் நின்றால் வயரிலோ கன்ட்ரோலரிலோ கோளாறு. அடுத்து மோட்டாரை நிறுத்திவிட்டு கன்ட்ரோலரைத் திரும்ப மாட்டி r0752-ஐப் பாருங்கள். மோட்டார் நிற்கும்போது அசையாமல், ஓடும்போது மட்டும் ஆடினால், மோட்டார் கேபிளின் இரைச்சல் சிக்னல் வயரில் ஏறுகிறது. வயரைத் தள்ளிப் போடுங்கள், ஷீல்டைச் சரிபாருங்கள். அதன் பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் சிக்னலின் ஆட்டத்தைச் சமன்செய்யும் P0753-ஐ 3 மில்லிநொடியிலிருந்து 100 பக்கம் ஏற்றுங்கள். தண்ணீரின் சூடு அவ்வளவு வேகமாக மாறப் போவதில்லை, இந்தத் தாமதம் எதையும் கெடுக்காது.

இ.எஸ்.பி.32 போர்டிலிருந்து நேரா கொடுக்கலாமா?

அது 3.3 வோல்ட்டுக்கு மேல் தராது. அதிலும் பி.டபிள்யூ.எம். பின் தருவது நிலையான வோல்ட் அல்ல, விட்டுவிட்டு வரும் பல்ஸ். கடைகளில் கிடைக்கும் பி.டபிள்யூ.எம்.–0–10 வோல்ட் மாற்றி மாட்யூல் ஒன்றை இடையில் போடுங்கள். P0759-ஐ 3.3 ஆக்கி ஒப்பேற்றவும் முடியும், ஆனால் இரைச்சலின் பங்கு மூன்று மடங்காகத் தெரியும். டிரைவ் இருக்கும் பெட்டிக்குள் அது வேண்டாத வேலை.

வேகத்தைக் குறைச்சா கரண்ட் பில் கியூப் கணக்குல குறையும்னு சொல்றாங்களே?

வேகத்தின் முப்படி என்பது உராய்வு மட்டுமே இருக்கும் குழாய்க்கு. அங்கே 40 ஹெர்ட்ஸில் பம்புக்குத் தேவையான பவர் பாதியாகும். நம்முடையதில் 10 மீட்டர் உயரம் எந்த வேகத்திலும் குறையாமல் நிற்கிறது. 35 ஹெர்ட்ஸில் மீட்டர் குறைவாக ஓடும் என்பது உண்மை, ஆனால் தண்ணீர் அதைவிடக் குறைவாக வரும், ஒரு லிட்டருக்கு ஆகும் செலவு கூடவும் கூடும். சேமிப்பு எவ்வளவு என்று வாய்க்கணக்கு போடாமல், r0039-இல் ஓடும் யூனிட் கணக்கை ஒரு வாரம் முழு வேகத்திலும், ஒரு வாரம் கன்ட்ரோலரிலும் ஓட்டிக் குறித்துப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்தா தானா ஓடுமா?

P1210 வழக்கமாக 1-இல் இருக்கும்; அப்போது ஓடு காண்டாக்ட்டை ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தால்தான் கிளம்பும். 2 ஆக்கினால், காண்டாக்ட் மூடியே இருக்கும் பட்சத்தில் கரண்ட் வந்ததும் தானாக ஓடும். இரவு ஷிப்டில் ஆள் இல்லாத பட்டறைக்கு 2 வசதி. அப்படி வைத்தால் பம்ப் பக்கத்தில் "தானே ஓடத் தொடங்கும்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பம்பில் கை வைப்பதற்கு முன் மெயினை அணைத்துப் பூட்டும் பழக்கமும் இருக்கட்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே கான்டாக்டர் போட்டு, கரண்ட் வந்ததும் அதை இழுக்கவைக்கும் பழைய ஸ்டார்ட்டர் பாணி மட்டும் வேண்டாம். டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கான்டாக்டர் சேர்ந்தால் ஓவர்கரண்ட் என்று F1 காட்டி நிற்கும், அதுவே தொடர்ந்தால் டிரைவின் அவுட்புட் பகுதி போகும்.